சான்றிதழ் போட்டோவில் காபிக் கறை, ஸ்டேப்ளர் ஓட்டை, மடிப்பு நிழல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கும் சிறு கடை என்னுடையது. கல்லூரி அட்மிஷன் நேரத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது செல்போனை நீட்டி, "இந்தக் கறையை மட்டும் எடுத்துடுங்க" என்பார்கள். டிகிரி காபி ஊரில் டபரா வைக்காத மார்க் ஷீட் அபூர்வம். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

"அண்ணே, போட்டோவுல கறையை எடுத்தா அது ஃபோர்ஜரி ஆயிடாதா?"

காகிதத்தின் மேல் பிற்பாடு வந்து சேர்ந்தது கறை. அதைப் படத்தில் வெளுக்க வைப்பதால் சான்றிதழ் சொல்லும் விஷயம் மாறுவதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவு பேசும் போலி ஆவணம் என்பது, ஏமாற்றும் அல்லது கேடு செய்யும் நோக்கத்தோடு பொய்யாக உருவாக்கியது. எழுத்து, எண், கையெழுத்து, முத்திரை, ஒட்டிய போட்டோ ஆகிய ஐந்தின் மேலும் பிரஷ் படக் கூடாது என்பது என் கடை விதி. வெறும் காகிதத்தில்தான் வேலை.

ஆனால் விண்ணப்பக் குறிப்பில் 'திருத்தம் செய்யாத ஸ்கேன்' என்று போட்டிருந்தால் கறையோடுதான் ஏற்ற வேண்டும். எப்படியிருந்தாலும் முதலில் எடுத்த போட்டோவை அழிக்காதீர்கள். யாராவது கேட்டால் காட்ட அது இருக்க வேண்டும்.

"போட்டோதான் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேனே, மறுபடி எதுக்கு எடுக்கணும்?"

சாதாரணமாக அனுப்பும் போட்டோவை வாட்ஸ்அப் சுருக்கிவிடுகிறது. சுருங்கிய படத்தில் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி புள்ளிகளும் சிறுசிறு கட்டங்களும் வந்துவிடும். கறையை எடுத்தாலும் அந்தக் கட்டங்கள் அப்படியே நிற்கும், திருத்திய இடம் தனியாகத் தெரியும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமெண்ட் என்று இணைத்து அனுப்புங்கள். அப்போது சுருங்காது.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் கேட்கும் மூன்றில் இரண்டு, மடிப்பு நிழலும் ஸ்டேப்ளர் ஓட்டையும், எடுக்கும் முறையிலேயே பெரும்பாலும் போய்விடும். காபிக் கறைக்கு மட்டும்தான் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்.

"மடிச்ச இடத்துல கறுப்பா ஒரு பட்டை விழுதே, அது அழுக்கா?"

அழுக்கு இல்லை, நிழல். மடித்த காகிதம் விரித்த பிறகும் அந்த இடத்தில் சின்ன மேடாகவோ பள்ளமாகவோ நிற்கும். ஜன்னல் வெளிச்சம் மடிப்புக்குக் குறுக்கே வந்தால் மேட்டின் ஒரு சரிவு பளிச்சென்றும் மறு சரிவு இருட்டாகவும் ஆகும். அந்த இருட்டுச் சரிவைத்தான் பட்டை என்கிறோம்.

ஆகவே காகிதத்தைத் திருப்பி வையுங்கள். மடிப்புக் கோடு ஜன்னலை நோக்கி நீள வேண்டும், வெளிச்சம் மடிப்பின் வழியாகவே ஓட வேண்டும். இரண்டு சரிவுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைப்பதால் பட்டை மங்கிவிடும். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று நாலாக மடித்த சான்றிதழுக்கு இது பாதிதான் உதவும். அதை வீட்டு வாசலில் நிழலில் தரையில் வைத்து, வானத்து வெளிச்சத்தில் எடுங்கள். நேர் வெயில் கூடாது, பிளாஷ் கூடாது, உங்கள் தலை நிழலும் விழக் கூடாது.

சிலவற்றில் மையில்லாமல் அழுத்திய புடைப்பு முத்திரை இருக்கும். நாலாபுறமும் சமமான வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அப்படிப்பட்டதற்கு ஜன்னல் முறைதான் சரி. மடிப்பு மறையும், வட்டமான முத்திரை எந்தப் பக்கத்து வெளிச்சத்திலும் தெரியும்.

"அயர்ன் பாக்ஸ் வெச்சுத் தேய்ச்சா மடிப்பு நேராயிடுமே?"

வேண்டாம். லேசர் பிரிண்டர் எழுத்து என்பது சூட்டில் உருகி ஒட்டிய பொடி. மறுபடி சூடு பட்டால் இளகித் துணியில் ஒட்டும். லேமினேஷன் போட்டிருந்தால் கதையே முடிந்தது. இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் சான்றிதழை வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். மடிப்பு முழுக்கப் போகாது, ஆனால் மேடு தணியும். போட்டோவுக்கு அது போதும்.

"ஸ்டேப்ளர் பின் எடுத்த ஓட்டை ரெண்டு கறுப்புப் புள்ளியா தெரியுது. எப்படி எடுக்கிறது?"

ஓட்டை கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் உங்கள் மேஜை. ஓட்டை வழியே பின்னால் இருப்பதுதான் தெரிகிறது. சான்றிதழுக்கு அடியில் அதே நிறத்தில் ஒரு தாள் வையுங்கள். சான்றிதழ் பழுப்பேறியிருந்தால் பளீர் வெள்ளைத் தாளைவிடப் பழைய நோட்டுத் தாள் நன்றாகப் பொருந்தும். புள்ளி அங்கேயே பாதிக்கு மேல் காணாமல் போகும். பின் கிழித்த விளிம்பு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் நகத்தால் மெல்லத் தடவிப் படிய வையுங்கள்.

"வெள்ளைத் தாள் வெச்சா பின்பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியுதே சார்?"

மெல்லிய காகிதத்தில் அப்படித்தான் ஆகும். காகிதத்தைக் கடந்து போகும் வெளிச்சம் வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி வரும்போது பின்பக்க அச்சையும் சேர்த்துக் காட்டுகிறது. கறுப்புத் தாள் வைத்தால் வெளிச்சம் திரும்பாது, பின்பக்க எழுத்து மங்கும். ஆனால் ஓட்டை கறுப்பாகிவிடும்.

எனவே கறுப்புத் தாளை முழுவதுக்கும் வைத்து, ஓட்டை இருக்கும் மூலைக்கு அடியில் மட்டும் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றைச் செருகுங்கள். மார்க் ஷீட்டுகளில் ஸ்டேப்ளர் பெரும்பாலும் இடது மேல் மூலையில்தான் குத்தியிருக்கும், அங்கே அச்சு குறைவு. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, கடையில் வேலை பார்த்த பையன்.

"மிச்சம் இருக்கிற புள்ளியை போன்லயே எடுக்க முடியுமா?"

முடியும். ஸ்னாப்சீட் ஆப் போதும். படத்தைத் திறந்து `Tools` பட்டியலில் `Healing` எடுங்கள். இரண்டு விரலால் நன்றாகப் பெரிதாக்கிக்கொண்ட பிறகே தொடுங்கள். திரையில் பிரஷ் அளவு மாறுவதில்லை, படத்தைப் பெரிதாக்கினால்தான் பிரஷ் படும் இடம் சிறிதாகும். பெரிதாக்காமல் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. புள்ளியோடு பக்கத்து எழுத்தின் காலும் போய்விடும்.

எவ்வளவு பெரிதாக்குவது என்பதற்கு ஒரு கணக்கு. 12 மெகாபிக்சல் போனில் ஏ4 தாளைச் சுற்றிக் கொஞ்சம் ஓரம் விட்டு எடுத்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 12 பிக்சல் வரும். ஸ்டேப்ளர் ஓட்டை, கிழிந்த விளிம்போடு சேர்த்து, ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அந்த 12 பிக்சல் திரையில் ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்குத் தெரிய வேண்டும். ஒரே தட்டு, கையை எடுத்துவிடுங்கள். சரியாக வரவில்லை என்றால் பின்னே போகும் அம்பை அழுத்தி, வேறு கோணத்தில் மறுபடி தட்டுங்கள். அதே இடத்தில் மேலும் மேலும் தேய்த்தால் குழம்பிப்போகும்.

"ஹீலிங் பண்ணின இடம் மட்டும் வழவழன்னு தனியா தெரியுதே?"

காகிதத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது ஒரே வெள்ளை இல்லை. நார், தூசி, கேமராவின் பொடிப்புள்ளி எல்லாம் கலந்த ஒரு சொரசொரப்பு உண்டு. ஹீலிங் என்பது பக்கத்து இடத்தின் சொரசொரப்பை எடுத்து வந்து ஓட்டையின் மேல் பூசுவது. பூசிய இடத்திலேயே திரும்பவும் பூசினால் சொரசொரப்பு அரைந்து மாவாகிவிடும். அதுதான் அந்த வழவழப்பு.

இன்னொரு காரணம், ஏற்கெனவே சிறிதாக்கிய படத்தில் வேலை செய்வது. முழு அளவுப் படத்தில் சுத்தம் செய்துவிட்டுக் கடைசியில் சிறிதாக்கினால் சின்னச் சின்ன வித்தியாசங்கள் தானாகக் கரைந்துவிடும்.

"காபி வட்டத்தையும் இதே ஹீலிங்ல தேய்ச்சு எடுத்துடலாமா?"

வெறும் இடத்தில் இருந்தால் எடுக்கலாம். ஆனால் டபரா வட்டம் ஐந்தாறு சென்டிமீட்டர் அகலம். மார்க் ஷீட்டில் அவ்வளவு வெறும் இடம் ஏது? எழுத்தின் மேல் ஹீலிங் போட்டால் பக்கத்து எழுத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். 78 இருந்த இடத்தில் 73 மாதிரி ஒன்று வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். சும்மா இருந்த மனிதரைக் குற்றவாளி ஆக்கும் வேலை அது.

காபி காயும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். துளியின் ஓரம் காகிதத்தில் பிடித்துக்கொள்ள, ஓரத்தில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடு செய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடும்போது காபித் துகளையும் இழுத்துப் போகிறது. 1997இல் சிகாகோ ஆய்வாளர்கள் இதை நேச்சர் இதழில் விளக்கினார்கள். அதனால் கறையின் ஓரத்தில் அடர்த்தியான ஒரு கோடும், உள்ளே மெல்லிய மஞ்சளும் என இரண்டு வேறு கறைகள் இருக்கும். இரண்டையும் ஒரே அழுத்தத்தில் எடுக்க முடியாது.

எழுத்து இருக்கும் இடத்தில் கறையை மூடக் கூடாது, வெளுக்க வைக்க வேண்டும். மூடினால் அடியில் இருப்பது போய்விடும். வெளுக்க வைத்தால் கறை போகும், மை நிற்கும். அடுத்த சில பதில்கள் எல்லாம் அந்த வேலைதான்.

"சரி, வெளுக்க வைக்கிறதுக்குச் சுலபமா ஒரு வழி சொல்லுங்க"

கறுப்பு வெள்ளைப் படம் ஏற்றுக்கொள்ளும் இடம் என்றால் மிகச் சுலபம். காபியின் பழுப்பு நீல ஒளியை நிறைய விழுங்கும், சிவப்பு ஒளியைக் கொஞ்சம்தான் விழுங்கும். ஒவ்வொரு கலர் படத்துக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று படங்கள் அடங்கியிருக்கின்றன. நீலத்தில் காபிக் கறை கன்னங்கரேல் என்று இருக்கும், சிவப்பில் மங்கலாகத்தான் தெரியும். அந்தச் சிவப்புப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

ஸ்னாப்சீட்டில் `Black & White` எடுத்து, அதில் வண்ண வில்லையைச் சிவப்புக்கு மாற்றுங்கள். கணினியில் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் இருந்தால் `Colors → Components → Mono Mixer` போய், சிவப்பு 1, பச்சை 0, நீலம் 0 என்று வையுங்கள். பிறகு `Colors → Levels` திறந்து, வலது ஓரத்து வெள்ளை முக்கோணத்தை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினால் மிச்சக் கறையும் வெளுக்கும்.

ஒரு ஆபத்து உண்டு. சிவப்பு மையும் சிவப்புப் படத்தில் காணாமல் போகும். நீல மைக் கையெழுத்தும் ஊதா ரப்பர் ஸ்டாம்பும் நன்றாகவே நிற்கும், ஆனால் சிவப்பு முத்திரை, சிவப்பில் அச்சடித்த வரிசை எண் இரண்டும் ஓடிவிடும். சிவப்பு எங்காவது இருந்தால் இந்த வழி வேண்டாம்.

"கலர்லதான் வேணும்னு கேக்குறாங்க. அப்ப?"

அப்போது கணினி வேண்டும். கிம்ப் இலவசம். இந்த முறை காபிக் கறைக்கும், வெளிச்சத்தில் போகாமல் தங்கிவிட்ட மடிப்பு நிழலுக்கும் பொது. கறையையோ நிழலையோ காகிதத்தின் மேல் போட்ட மெல்லிய திரை என்று நினைத்துக்கொள்ளுங்கள். திரை எவ்வளவு பங்கு வெளிச்சத்தை விட்டதோ அதால் வகுத்தால் பழைய வெளிச்சம் திரும்பி வரும். திரையை மட்டும் தனியாக எப்படிப் பெறுவது? படத்திலிருந்து எழுத்துகளைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது திரைதான்.

கிம்பில் படத்தைத் திறந்து `Layer → Duplicate Layer`. மேல் அடுக்கில் `Filters → Blur → Median Blur` போடுங்கள். எழுத்துகள் எல்லாம் கரைந்து, கறையும் நிழலும் மட்டும் தெரியும் ஒரு மேகமூட்டப் படம் கிடைக்கும். அந்த அடுக்கின் `Mode` பட்டியலில் `Divide` தேர்ந்தெடுங்கள். காகிதம் பளீர் வெள்ளையாகும், எழுத்து நிற்கும்.

வெள்ளை அதிகமாகிவிட்டதே என்றால், அதன் மேலே காகித நிறத்தில் ஒரு புது அடுக்கு நிரப்பி `Multiply` வையுங்கள். காகித நிறத்தைக் கறை படாத இடத்தில் வண்ணம் உறிஞ்சும் கருவியால் எடுத்துக்கொள்ளலாம். இப்போது `Layer → New from Visible` கொடுத்தால் சுத்தமான படம் ஓர் அடுக்காக வரும். அதற்குக் கீழே உள்ள `Divide`, `Multiply` இரண்டின் கண் அடையாளத்தையும் அணைத்துவிடுங்கள். சுத்தமான அடுக்குக்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, கறை உள்ள இடத்தில் மட்டும் ஓரம் மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் தடவுங்கள். அங்கே மட்டும் சுத்தமான படம் தெரியும், மற்ற இடமெல்லாம் மூலப் போட்டோவே இருக்கும். முழுப் பக்கத்தையும் வகுத்துவிட்டால் ஒட்டிய போட்டோவும் அரசு முத்திரையும் வெளிறிப் போகும். அதனால்தான் மாஸ்க்.

"மீடியன் ப்ளர்ல எத்தனை வைக்கணும்? எனக்கு எழுத்தே பொக்கையா ஆயிடுச்சு"

எல்லாச் சிக்கலும் இந்த ஒரு எண்ணில்தான். `Radius` மிகச் சிறிதாக இருந்தால் எழுத்து முழுக்கக் கரையாமல் திரையிலேயே தங்கும். வகுக்கும்போது எழுத்து தன்னாலேயே வகுபட்டு நடு வெளிறி, ஓரம் மட்டும் நிற்கும். நீங்கள் சொல்லும் பொக்கை அதுதான். மிகப் பெரிதாக வைத்தால் கறையின் ஓரக்கோடும் எழுத்தோடு சேர்ந்து கரைந்துவிடும், அப்புறம் அந்தக் கோடு படத்திலேயே நின்றுவிடும்.

மேலே சொன்ன கணக்குப்படி எழுத்தின் தடிமன் ஐந்தாறு பிக்சல். மடிப்பு நிழல் அகலமானது, ஒரு சென்டிமீட்டர் என்றால் 120 பிக்சல். அதற்கு 25 வைத்தால் போதும். காபி வட்டத்தின் ஓரக்கோடு ஒன்றரை மில்லிமீட்டர், 18 பிக்சல்தான், எனவே 8 அல்லது 9. `Percentile` 50இல் இருக்கும், அதை 65 வரை உயர்த்தினால் எழுத்து இன்னும் நன்றாகக் கரையும். தடித்த தலைப்பு எழுத்தின் மேல் வட்டம் போனால் 9 பற்றாது. அந்த இடத்தில் கறையை அப்படியே விட்டுவிடுவேன்.

"கையெழுத்து மேலயே வட்டம் போகுது சார். ஒரு தடவை முழுசா எப்படிப் பண்றதுன்னு சொல்லுங்களேன்"

போன ஜூனில் வந்த ஒரு பிளஸ் டூ மார்க் ஷீட்டைச் சொல்கிறேன். பக்கத்தின் நடுவில் குறுக்கே மடிப்பு, இடது மூலையில் இரண்டு ஓட்டை, கீழ் வலது பக்கம் டபரா வட்டம். வட்டம் வேதியியல் மதிப்பெண் வரியைத் தொட்டுக்கொண்டு, தலைமையாசிரியரின் நீல மைக் கையெழுத்தைக் கடந்து போனது. ஊதா ஸ்டாம்பு பக்கத்திலேயே. கலர் படம் கேட்டிருந்தார்கள்.

முதலில் புதிதாக எடுத்தோம். மடிப்பை ஜன்னல் பக்கம் நீட்டி வைத்து, மூலைக்கு அடியில் பழைய தாள் துண்டு செருகி, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து மூன்று படம். கைநடுக்கம் இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டோம். நிழல் அநேகமாகப் போயிருந்தது. மடிப்பில் அச்சு உதிர்ந்த ஒரு வெண்கோடு மட்டும் நின்றது. அதைத் தொடவில்லை, ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கிம்பில் அந்தப் படத்தின் நிற எண்களைப் பார்த்தோம். நல்ல காகிதம் சிவப்பு 235, பச்சை 232, நீலம் 225. வட்டத்தின் ஓரக்கோடு 190, 150, 105. சிவப்பில் கொஞ்சம், நீலத்தில் பாதிக்கு மேல் என்று காபியின் கணக்கு அப்படியே தெரிந்தது. `Radius` 9 வைத்து வகுத்தோம். கையெழுத்து நின்றது, ஆனால் பேனா அழுத்திய தடித்த இடத்தில் லேசான வெளிறல். அதனால் மாஸ்க்கில் கையெழுத்துக் கோட்டின் மேல் மட்டும் மறுபடி கறுப்புத் தடவி, மூல மையைத் திருப்பிக் கொண்டுவந்தோம். வேதியியல் எண்ணின் மேலும் அப்படியே. எண்ணைச் சுற்றி மெல்லிய பழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, இருக்கட்டும் என்று விட்டோம். வெறும் காகிதத்தில் நின்ற ஓரக்கோட்டின் துணுக்குகளை மட்டும் கிம்பின் `Heal` கருவியால், `Ctrl` அழுத்திப் பக்கத்து வெற்றிடத்தை மூலமாகக் காட்டி, ஐந்தாறு தட்டில் எடுத்தோம். மூலையிலிருந்த ஓட்டைகளுக்கு ஆளுக்கு ஒரு தட்டு. மொத்தம் அரை மணி நேரம், அதில் பாதி மாஸ்க் தடவலுக்கே.

"மடிப்புல ஒரு எழுத்து பாதி உதிர்ந்திருக்கு. அதை மட்டும் வரைஞ்சு தர முடியாதா?"

முடியாது. உதிர்ந்த மை கறையில்லை, காகிதத்தில் இப்போது அது இல்லை. இல்லாததை நான் எழுதினால் சான்றிதழை எழுதியவன் நானாகிவிடுவேன். பெயரில் உள்ள 'கா'வின் கால்தானே என்பார்கள். அந்தக் கால் 'க'வா 'கா'வா என்பதைத் தீர்மானிக்கிறது அல்லவா? ஸ்டேப்ளர் ஓட்டை எழுத்தின் மேல் விழுந்திருந்தாலும் இதே பதில்தான். ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும்.

"ஸ்கேன் ஆப்ல ஒரு பில்டர் போட்டா எல்லாம் வெள்ளையாயிடுதே, இவ்வளவு வேலை எதுக்கு?"

அந்த பில்டரும் உள்ளே கிட்டத்தட்ட இந்த வகுத்தலைத்தான் செய்கிறது, ஆனால் மாஸ்க் இல்லாமல் முழுப் பக்கத்துக்கும், கூடவே கடுமையான வெளுப்பும் சேர்த்து. வெறும் எழுத்துக் கடிதத்துக்கு நன்றாக இருக்கும். சான்றிதழில் வெளிர் நிறப் பின்னணிக் கோலம், மங்கிய ஸ்டாம்பு, புடைப்பு முத்திரை, பென்சில் மாதிரி மெல்லிய கையெழுத்து எல்லாம் கறையென்று நினைத்து அழிந்துவிடும். போட்டுப் பார்த்துவிட்டு, மூலத்தோடு பக்கத்தில் வைத்து முத்திரைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தப் படம் வேண்டாம்.

"பின்னணியில பொடிப்பொடியா கோடு இருக்கு, ஹீலிங் போட்டா கலைஞ்சுடுது"

நகல் எடுத்தால் தெரிய வேண்டும் என்றே அச்சடித்த பாதுகாப்புக் கோடுகள் அவை. ஹீலிங் அவற்றை இணைக்காது, கலக்கும். அங்கே ஓட்டையை விட்டுவிடுங்கள். கறைக்கு வகுத்தல் முறை உதவும் என்று நினைக்கலாம். ஆனால் மீடியன் அந்தக் கோடுகளையும் திரைக்குள் பாதி இழுத்துக்கொள்வதால் கறை இருந்த இடத்தில் கோலத்தின் நிறம் மாறித் தெரியும். கறை லேசாகத் தெரிவது அதைவிட மேல்.

"சுத்தம் பண்ணினது 3 எம்பி இருக்கு, 200 கேபிக்குள்ள கேக்குறாங்க"

கடைசியில்தான் சுருக்க வேண்டும், ஒரே தடவைதான் சுருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஜேபெக்காகச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தரம் போகும். கிம்பில் வேலை முடியும்வரை `.xcf` ஆகவே வைத்திருங்கள். பிறகு `Image → Scale Image` போய் நீளப் பக்கத்தை 1600 பிக்சலாக்கி, `File → Export As` கொடுத்து, `Quality`யை அளவு பொருந்தும்வரை இறக்குங்கள். தரத்தை 50க்குக் கீழே இறக்க வேண்டி வந்தால், அதற்குப் பதில் நீளத்தை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். மதிப்பெண்கள் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறதா என்று போன் திரையிலேயே பாருங்கள்.

"கறை ரொம்ப மோசம், இதெல்லாம் வேலைக்காகாதுன்னா என்ன பண்றது?"

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் போன்றவை இ-சேவை வழியே வாங்கியதாக இருந்தால், அதைப் போட்டோ எடுப்பதே வீண். டிஜிட்டல் கையொப்பமிட்ட பிடிஎப்பை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். மார்க் ஷீட்டுக்கு டிஜிலாக்கரில் பாருங்கள், தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்கள் அங்கே கிடைக்கின்றன. அங்கே இல்லாத பழைய மார்க் ஷீட், எண்ணே தெரியாத அளவுக்குக் கறை என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இரண்டாம்படி கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதுதான். நாளாகும், அதனால் கடைசித் தேதிக்கு முந்தின நாள் என்னிடம் வராதீர்கள்.

"ஒரிஜினல்ல கறை இருக்கு, அப்லோட் பண்ணினதுல இல்ல. சரிபார்க்கும்போது கேட்டா?"

கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: படிக்கத் தெளிவாக இருக்கட்டும் என்று படத்தில் கறையை வெளுத்தேன், இதோ முதலில் எடுத்த போட்டோ. அதற்காகத்தான் முதல் பதிலில் அழிக்காதீர்கள் என்றேன். சரிபார்ப்பவர் பதிவெண், பெயர், மதிப்பெண், கையெழுத்து, முத்திரை இவற்றைத்தான் ஒத்துப் பார்ப்பார்.

ஒரிஜினலில் இருக்கும் கறையைப் பயந்துபோய் எடுக்கப் பார்க்காதீர்கள். ஒருவர் பிளீச்சிங் பவுடர் கரைசலில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு வந்தார். காபி அப்படியே இருந்தது, தலைமையாசிரியர் கையெழுத்து இல்லை.